உறைக்குள் நெளிந்த புழு: கேட்பரியின் 2003 அறிக்கையும் அதன் பிறகு நடந்ததும்

2003 அக்டோபர் தொடக்கத்தில் மும்பையில் சில வாடிக்கையாளர்கள் கேட்பரி டெய்ரி மில்க் சாக்லேட்டை வாங்கி உறையைப் பிரித்தபோது உள்ளே புழு நெளிந்தது. புகார் மகாராஷ்டிர அரசின் உணவு, மருந்து நிர்வாகத் துறைக்குப் போயிற்று. புழு இருந்த சாக்லேட்டுகளைப் பற்றித் துறை வெளிப்படையாக அறிவித்தது. நிறுவனத்தின் புனே ஆலையில் தயாரான சரக்கையும் கைப்பற்றியது. அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 25. பண்டிகைக்கு இனிப்புப் பெட்டிக்குப் பதில் சாக்லேட் பெட்டி கொடுக்கும் வழக்கம் வட இந்திய நகரங்களில் வேரூன்றிக்கொண்டிருந்த காலம் அது. இந்தியச் சாக்லேட் சந்தையில் சுமார் 70 விழுக்காட்டைக் கையில் வைத்திருந்த நிறுவனத்துக்கு ஆண்டின் மிகப் பெரிய விற்பனை மாதத்தில் இந்த அடி விழுந்தது.

நிறுவனம் உடனே விளக்கம் அளித்தது. அதன் சாரம் இரண்டே வரி: ஆலையில் தயாரிக்கும் நிலையில் புழு வர வாய்ப்பில்லை; கடைகளில் முறையாகச் சேமித்து வைக்காததே காரணமாக இருக்க வேண்டும். துறையின் ஆணையர் உத்தம் கோப்ரகடே இதை ஏற்கவில்லை. கடையில்தான் புழு ஏறியது என்றே வைத்துக்கொண்டாலும், அது உள்ளே போகும் அளவுக்கு உறை இருந்தது யார் குற்றம் என்று அவர் கேட்டார். ஆலை சுத்தமாக இல்லாததால் வந்தாலும், உறை காற்றுப் புகாமல் மூடப்படாததால் வந்தாலும் அது தயாரிப்பின் குறையே என்பது அவர் நிலை.

நிறுவனம் சொன்னது பொய் அல்ல. பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஆனாலும் அந்த அறிக்கை எடுபடவில்லை. இந்த நிகழ்வில் கவனிக்க வேண்டிய முடிச்சு இதுதான். அதை அவிழ்க்க, சாக்லேட்டில் புழு எப்படி வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

பால் சாக்லேட் செய்யும் ஆலையில் கோக்கோ, சர்க்கரை, பால் திடப்பொருள் எல்லாம் சேர்ந்த கலவையை எஃகு உருளைகளுக்கு இடையே விட்டு நசுக்கி அரைக்கிறார்கள். நாக்கில் நறநறக்காமல் இருக்க, துகள் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரின் நாற்பதில் ஒரு பங்கு அளவுக்கு மெலிய வேண்டும். சேமிப்புப் பூச்சிகளின் முட்டை மிகச் சிறியது, அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆனாலும் அந்தத் துகளைவிடப் பத்து மடங்குக்கு மேல் பெரியது. உருளையைத் தாண்டி முழு முட்டை வெளியே வர முடியாது. அடுத்து அந்தக் குழம்பைச் சூடாக வைத்து மணிக்கணக்கில் கிளறுகிறார்கள். கான்ச் என்று ஆலையில் அழைக்கப்படும் இந்தக் கட்டத்தில் சூடு சுமார் 50 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் இருக்கும். அந்தச் சூட்டை முட்டையோ புழுவோ கூட்டுப்புழுவோ நெடுநேரம் தாங்காது. ஆகவே உயிருள்ள புழு ஒன்று வெறும் பால் சாக்லேட்டில் இருந்தால், அது குழம்பு அச்சில் ஊற்றப்பட்டு ஆறிய பிறகே ஏறியிருக்க வேண்டும். முந்திரி, பாதாம், திராட்சை சேர்த்த வகைகளுக்கு இந்த வாதம் இவ்வளவு உறுதியாகப் பொருந்தாது. அவை கான்ச் முடிந்த பிறகே கலக்கப்படுகின்றன.

அச்சிலிருந்து விழுந்த கட்டி குளிர்ந்து, உறை போடப்பட்டு, பெட்டிக்குள் போகச் சிறிது நேரம்தான் ஆகும். அதன் பிறகுதான் நீண்ட பயணம்: ஆலைக் கிடங்கு, நிறுவனத்தின் மாநிலக் கிடங்கு, விநியோகஸ்தரின் குடோன், மொத்த வியாபாரி, கடைசியில் தெருமுனை மளிகைக் கடை. இந்த வழியில் சாக்லேட் பெட்டிக்குப் பக்கத்தில் என்னென்ன இருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் போதும். அரிசி மூட்டை, கோதுமை மாவு, நிலக்கடலை, முந்திரி, காய்ந்த மிளகாய். இவை எல்லாம் அந்துப்பூச்சியின் வீடுகள். மளிகைக் கடையில் மூட்டையைத் தட்டினால் சாம்பல் நிறத்தில் படபடவென்று எழும் சின்னஞ்சிறு பூச்சிகள்தான் இவை. பூச்சி தானாகச் சாக்லேட்டைத் தின்பதில்லை. பெண் பூச்சி உணவின் மணம் வரும் இடத்துக்கு அருகே முட்டைகளை இட்டுவிட்டுப் போகிறது. தன் வாழ்நாளில் நூற்றுக்கணக்கான முட்டைகள் இடும். பொரித்து வரும் புழு ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இருக்காது. காகித மடிப்பு, ஒட்டாத ஓரம், ஊசி குத்திய அளவு ஓட்டை என எது கிடைத்தாலும் அதன் வழியே உள்ளே நுழையும். சில இனங்களின் புழு வளர்ந்ததும் மெல்லிய பிளாஸ்டிக்கையே கடித்துத் துளைக்கும்.

2003 வரை டெய்ரி மில்க் கட்டிக்கு இருந்த உறை இரண்டு அடுக்கு: உள்ளே மடித்துச் சுற்றிய அலுமினியத் தாள், வெளியே காகித உறை. அலுமினியத் தாள் மடிக்கப்பட்டிருந்ததே தவிர, ஒட்டப்பட்டிருக்கவில்லை. குளிர் நாடுகளில் பல்லாண்டு காலம் இதே உறையில் சாக்லேட் விற்றார்கள். அங்கே மளிகைக் கடையில் 35 டிகிரி வெயிலும் இல்லை, பக்கத்தில் அரிசி மூட்டையும் இல்லை. மும்பையின் அக்டோபர் வெக்கையில் அந்த மடிப்பு ஒரு திறந்த கதவுதான்.

இப்படிப்பட்ட புகார் வந்ததும் புழு எங்கே ஏறியது என்று எப்படிச் சொல்கிறார்கள்? அதற்கு மூன்று நான்கு தடயங்கள் உண்டு. முதலாவது, உறையில் உள்ள துளை. வெளியிலிருந்து கடித்த துளை வெளிப்பக்கம் அகன்றும் உள்ளே குறுகியும் இருக்கும். ஓரத்தில் வெளிப்பக்கமே கீறல்கள் தெரியும். உள்ளிருந்து வெளியேறிய துளை இதற்கு நேர்மாறு. இரண்டாவது, புழுவின் வயது. எத்தனை முறை தோலுரித்திருக்கிறது, தலை எவ்வளவு அகலம் என்று பார்த்து, அந்த இடத்தின் சராசரி வெப்பத்தில் இவ்வளவு வளர எத்தனை நாள் ஆகும் என்று கணக்கிடலாம். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து பூச்சியாக நான்கைந்து வாரம் ஆகலாம். ஏற்ற உணவு கிடைக்காவிட்டால் இன்னும் நீளும். கட்டியின் மீது அச்சிட்ட தயாரிப்புத் தேதி ஆறு மாதத்துக்கு முந்தையதாகவும் புழுவின் வயது மூன்று வாரமாகவும் இருந்தால், அது ஆலையில் ஏறியிருக்க முடியாது. மூன்றாவது, புழு செத்திருந்தால் செய்யும் ஒரு சோதனை. பூச்சியின் உடலில் உள்ள சில நொதிகள் சூடு பட்டால் செயலிழந்துவிடும். நொதி இன்னும் வேலை செய்தால், அந்தப் பூச்சி கான்ச் சூட்டைக் காணவில்லை என்று பொருள். நான்காவது தடயம் நிறுவனத்தின் கையிலேயே உண்டு. ஒவ்வொரு பேட்சிலிருந்தும் சில கட்டிகளை ஆலையிலேயே எடுத்து வைப்பார்கள். அதே பேட்சின் சேமித்த மாதிரி சுத்தமாக இருந்தால் சந்தேகம் கடைப்பக்கம் சாயும்.

இந்தத் தடயங்கள் எல்லாம் சேர்ந்தால் நிறுவனத்தின் கூற்று அநேகமாகச் சரி என்றே படும். இவற்றைப் பார்த்து முடிக்கச் சில நாட்களாவது ஆகும் என்பதையும் மறக்கக் கூடாது. பொதுவான அறிவிலிருந்து “வாய்ப்பில்லை” என்று சொல்வது வேறு. இந்தக் கட்டியை, இந்தத் துளையை, இந்தப் புழுவைப் பார்த்துச் சொல்வது வேறு. முதல் நாளில் எந்த நிறுவனத்தாலும் முதலாவதைத்தான் சொல்ல முடியும். கேட்பவர் காதில் அது விசாரணைக்கு முன்பே எழுதிய தீர்ப்பாக விழுகிறது.

அறிக்கை தோற்றதற்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நிறுவனம் பதில் சொன்ன கேள்வி “புழு எங்கே ஏறியது?” என்பது. சாக்லேட்டைப் பிரித்த தாய் கேட்டது அது அல்ல. “நாளைக்கு நான் வாங்கும் கட்டியில் புழு இருக்காது என்று எப்படித் தெரியும்?” என்பதுதான் அவர் கேள்வி. கடைக்காரர்தான் காரணம் என்ற பதில் இந்தக் கேள்வியை இன்னும் மோசமாக்கிவிட்டது. ஆலை கெட்டது என்றால் ஒரு ஆலையைச் சரிசெய்தால் போதும். கடைகள்தான் காரணம் என்றால் ஊரில் உள்ள எந்தக் கடையிலும் நம்பி வாங்க முடியாது. நிறுவனம் தன் பெயரைக் காக்க எழுதிய வாக்கியம், தன் சரக்கு விற்கும் எல்லா இடங்களையும் சந்தேகத்துக்குள் தள்ளியது. அந்தக் கடைக்காரர்கள்தான் மறுநாளும் கல்லாவுக்கு அருகில் அந்தச் சாக்லேட்டை வைத்து விற்க வேண்டியவர்கள்.

சட்டமும் நிறுவனத்துக்கு முழுத் துணையாக இல்லை. அப்போது நடப்பில் இருந்தது 1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம். கலப்படம் என்றால் பாலில் தண்ணீர், மிளகாய்த் தூளில் செங்கல் தூள் என்றுதான் பொதுவாக நினைப்போம். அந்தச் சட்டத்தின் வரையறையோ பூச்சி ஏறிய உணவையும் கலப்பட உணவு என்றே சொன்னது. யாரும் வேண்டுமென்று கலக்க வேண்டியதில்லை. புழு இருந்தாலே போதும். இன்னொரு பிரிவு சில்லறை வியாபாரிக்குக் காப்பு அளித்தது: தயாரிப்பாளரிடமிருந்து எழுத்தில் உத்தரவாதம் பெற்று வாங்கி, முறையாகச் சேமித்து, வாங்கிய நிலையிலேயே விற்றேன் என்று அவர் நிரூபித்தால் குற்றம் அவர் மீது நிற்காது. முறையாகச் சேமித்தாரா என்பதுதான் அங்கே வழக்கின் மையம். உறை தானாகவே பூச்சியைத் தடுக்கும் என்றால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. ஆணையர் தொட்ட இடம் இதுதான்.

அடுத்த சில வாரங்களில் விற்பனை சுமார் 30 விழுக்காடு சரிந்தது. வழக்கமாகத் தீபாவளியை ஒட்டி விற்பனை ஏறும் என்பதால் உண்மையான இழப்பு அதைவிட அதிகம். தொலைக்காட்சி விளம்பரங்களை நிறுவனம் ஏறத்தாழ ஒன்றரை மாதம் நிறுத்தி வைத்தது. அது சரியான முடிவு. செய்தியில் புழுவின் படம் ஓடும்போது அடுத்த நிமிடமே சாக்லேட்டைக் கடித்துச் சிரிக்கும் விளம்பரம் வந்தால் எரிச்சல்தான் மிஞ்சும்.

இடைப்பட்ட காலத்தில் ‘விஸ்வாஸ்’, அதாவது நம்பிக்கை, என்ற பெயரில் ஒரு திட்டம் தொடங்கியது. மகாராஷ்டிரத்தில் ஆயிரக்கணக்கான கடைகளுக்கு ஆட்களை அனுப்பிச் சரக்கைப் பார்த்து, சந்தேகமானவற்றை மாற்றிக் கொடுத்தார்கள். முக்கிய மாநிலங்களில் 1,90,000 சில்லறைக் கடைக்காரர்களுக்குச் சாக்லேட்டை எப்படி வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கும் ஏற்பாடும் அதில் அடங்கும். செய்தித்தாள்களில் பல மொழிகளில் விளக்க விளம்பரம் வந்தது. முதல் நாள் சொன்ன “சேமிப்பில்தான் குறை” என்ற அதே கருத்து இங்கேயும் இருக்கிறது. ஆனால் இப்போது அது செயலாக மாறியிருந்தது. கடைக்காரரைக் குற்றம் சொல்வதற்கும் அவர் கடைக்கு ஆள் அனுப்பிப் பெட்டியைத் தானே பார்ப்பதற்கும் தூரம் அதிகம்.

ஆனாலும் லட்சக்கணக்கான கடைகளுக்குப் பாடம் நடத்தி அந்துப்பூச்சியை ஒழிக்க முடியாது. பாடம் கேட்ட கடைப்பையன் ஆறு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விடுவான். அரிசி மூட்டை அங்கேயே இருக்கும். ஆணையர் சொன்ன இடத்துக்கே நிறுவனம் வர வேண்டியிருந்தது.

2004 ஜனவரியில் புதிய உறை வந்தது. அலுமினியத் தாள் இப்போது மடிக்கப்படாமல், ஓரங்கள் சூட்டில் ஒட்டப்பட்டிருந்தது. அதற்கு மேல் நாலாபுறமும் மூடிய பிளாஸ்டிக் உறை. பிஸ்கட் பாக்கெட் போலப் பிய்த்துத்தான் திறக்க முடியும். இதற்கான இயந்திரங்களை வெளிநாட்டிலிருந்து தருவிக்கக் கோடிக்கணக்கான ரூபாய் செலவானது. உறையின் செலவு 10 முதல் 15 விழுக்காடு கூடியது. சாக்லேட்டின் விலை ஏறவில்லை. பிறகு அமிதாப் பச்சன் ஆலைக்குப் போய்ப் பார்ப்பதுபோன்ற விளம்பரம் வந்தது. மீட்சிக்கு அவரே காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அவர் குரல் உதவியிருக்கும், ஐயமில்லை. ஆனால் அவர் கையில் காட்டுவதற்கு ஒரு புதிய உறை இருந்தது. பழைய உறையை நீட்டி “நம்புங்கள்” என்று அவர் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. உறை மாறிய சில வாரங்களில் விற்பனை ஏறத்தாழப் பழைய நிலைக்குத் திரும்பியது.

அப்போது நிர்வாக இயக்குநராக இருந்த பாரத் புரியின் விளக்கமும் கவனிக்கத் தக்கது. மாதம் 3 கோடிக் கட்டி விற்கிறோம், அதில் ஒரு சிலவற்றில்தான் இந்தப் பிரச்சினை என்ற கணக்கை அவரும் சொன்னார். ஆனால் அந்தக் கணக்கோடு நிறுத்தாமல், அப்படியிருந்தும் வாடிக்கையாளரின் நம்பிக்கை குலையக் கூடாது என்பதால் பெரிய முதலீடு செய்து மாற்றுகிறோம் என்ற பொருளில் முடித்தார். “கோடியில் ஒன்றிரண்டு” என்பது நிறுவனத்தின் பார்வை. புழுவைப் பார்த்தவருக்கு அது கோடியில் ஒன்று அல்ல, கையில் இருந்த ஒன்றில் ஒன்று. அதே எண் செயலுக்கு முன் வந்தால் சாக்கு. செயலுக்குப் பின் வந்தால் தகவல்.

இன்றைய சட்டம் இந்தச் சிக்கலின் பெரும்பகுதியை எழுத்தில் பிரித்து வைத்திருக்கிறது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தரங்கள் சட்டத்தின் 27ஆம் பிரிவு தயாரிப்பாளர், விநியோகஸ்தர், விற்பவர் ஒவ்வொருவரின் பொறுப்பையும் தனித்தனியே சொல்கிறது. தயாரிப்பாளர் சொன்ன பாதுகாப்பு முறையை மீறிச் சேமித்த விநியோகஸ்தர் தானே பதில் சொல்ல வேண்டும். 28ஆம் பிரிவின்படி, தன் சரக்கு சட்டத்துக்கு ஒத்துப்போகவில்லை என்று கருத ஒரு நிறுவனத்துக்குக் காரணம் இருந்தால் உடனே சந்தையிலிருந்து திரும்பப் பெறத் தொடங்கி, அதிகாரிகளுக்கும் தெரிவிக்க வேண்டும். திரும்பப் பெறும் நடைமுறைக்கென்று 2017இல் தனி விதிமுறைகளும் வந்தன. ஆகவே இப்போது எழுதப்படும் நெருக்கடி அறிக்கை பத்திரிகைகளுக்கு மட்டுமான தாள் அல்ல. அதில் உள்ள ஒவ்வொரு வாக்கியமும் அதிகாரியின் கோப்பிலும் போய்ச் சேரும்.

அப்படியொரு அறிக்கை எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கற்பனையான ஒரு எடுத்துக்காட்டில் பார்க்கலாம். கடலைமிட்டாய் செய்யும் சிறு நிறுவனம் ஒன்று. மதுரையில் வாங்கிய இரண்டு பாக்கெட்டுகளில் புழுவும் நூல்போன்ற பின்னலும் இருந்ததாக ஒரே நாளில் இரண்டு புகார்கள் வருகின்றன. இரண்டும் ஒரே பேட்ச். வெல்லப்பாகின் சூட்டைத் தாண்டி எந்தப் புழுவும் பிழைக்காது என்று உரிமையாளருக்குத் தெரியும். ஆகவே அவர் கை முதலில் எழுத விரும்பும் வாக்கியம் “எங்கள் பட்டறையில் இது நடக்க வாய்ப்பே இல்லை” என்பது. அதை எழுதாமல் இருப்பதுதான் முதல் வேலை. அதற்குப் பதில் அறிக்கை இப்படி அமையலாம்:

“மார்ச் 12 அன்று மதுரையில் வாங்கிய எங்கள் 200 கிராம் கடலைமிட்டாய்ப் பாக்கெட்டுகள் இரண்டில் புழு இருந்ததாக வாடிக்கையாளர்கள் எங்களுக்குத் தெரிவித்தார்கள். அவர்கள் காட்டிய பாக்கெட்டுகளை நேரில் பார்த்தோம், புழு இருந்தது. அவர்களிடம் வருத்தம் தெரிவித்துக்கொண்டோம். இரண்டு பாக்கெட்டுகளும் பேட்ச் எண் 0218. இந்த பேட்சில் 1,400 பாக்கெட்டுகள் மதுரை, விருதுநகர் மாவட்டக் கடைகளுக்குப் போயிருக்கின்றன. அனைத்தையும் இன்று முதல் திரும்பப் பெறுகிறோம். இந்த எண் உள்ள பாக்கெட் உங்களிடம் இருந்தால் சாப்பிட வேண்டாம். எந்தக் கடையில் கொடுத்தாலும் பணம் திரும்பக் கிடைக்கும், ரசீது தேவையில்லை. புழு எந்தக் கட்டத்தில் ஏறியது என்று இன்னும் தெரியவில்லை. பாக்கெட்டின் ஒட்டுகளையும் கிடங்கையும் சோதித்து வருகிறோம். மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறைக்குத் தகவல் கொடுத்துவிட்டோம். வெள்ளிக்கிழமை மாலை மறுபடி தெரிவிப்போம், அதற்குள் காரணம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும்.”

இதில் எதெது எங்கே இருக்கிறது என்பது முக்கியம். நடந்தது முதலில் வருகிறது, “சில ஊடகச் செய்திகளில் கூறப்படுவதுபோல்” என்ற சுற்று இல்லாமல். பார்த்ததைப் பார்த்தோம் என்கிறது. அடுத்து படிப்பவர் தன் அலமாரியில் சரிபார்க்கக்கூடிய ஒரே அடையாளம், பேட்ச் எண். அதன் பிறகு அவர் செய்ய வேண்டியது. காரணத்தைப் பற்றிய வாக்கியம் அவற்றுக்கெல்லாம் பின்னே வருகிறது, தெரியவில்லை என்ற வடிவில். கடைசி வாக்கியம் நிறுவனத்துக்குக் கஷ்டமானது. குறித்த நாளில் சொல்ல எதுவும் இல்லாவிட்டாலும் வாய் திறந்தாக வேண்டும். ஆனால் வதந்தியை அடக்குவது அந்த நாள்தான்.

எழுதும்போது நழுவி விழும் இடங்கள் சில உண்டு. பேட்ச் எண்ணைச் சொன்னால் மற்ற பேட்சுகள் சுத்தம் என்று உறுதி கொடுத்ததாகிவிடும். அடுத்த வாரம் வேறு எண்ணில் புழு வந்தால் முதல் அறிக்கையே பொய்யாகும். கிடங்குதான் காரணம் என்றால் எண் பொருளற்றது, அங்கே கிடந்த எல்லா பேட்சும் சந்தேகத்துக்குரியவை. ஆகவே ஒட்டைப் பார்க்கும்போதே கிடங்கையும் பார்க்க வேண்டும். இன்னொன்று, புகார் சொன்னவரிடமிருந்து பாக்கெட்டை முழுதாக வாங்கி வந்துவிடுவது. பல நிறுவனங்களின் விற்பனைப் பிரதிநிதிகள் ஒரு பரிசுப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் பாக்கெட்டை எடுத்துப் போவதுண்டு. தடயத்தை மறைக்க வந்தார்கள் என்ற பேச்சுக்கு அது போதும். அவர் முன்னிலையில் படம் எடுத்து, ஒரு பகுதியை அவரிடமே விட்டு, எழுதிக் கொடுத்துவிட்டு எடுப்பது நல்லது.

இவை எல்லாம் கண்ணுக்குத் தெரியும் புழுவுக்குப் பொருந்தும். புழு அருவருப்பைத் தரும். பெரும்பாலும் நோயைத் தராது. கண்ணுக்குத் தெரியாத கிருமி வரும்போது கணக்கே மாறுகிறது. இதையும் அதே நிறுவனம்தான் மூன்றாண்டுகள் கழித்து, இந்த முறை பிரிட்டனில், கற்றுக்கொண்டது. 2006 ஜனவரியில் ஹியர்ஃபோர்ட்ஷயரின் மார்ல்புரூக் ஆலையில் ஒரு குழாய்க் கசிவால் சாக்லேட் கலவையில் சால்மொனெல்லா கிருமி சேர்ந்தது. நிறுவனத்தின் சோதனைகளிலேயே அது தெரிந்தது. ஆனால் அளவு மிகக் குறைவு, ஆகவே ஆபத்தில்லை என்று கருதி அதிகாரிகளுக்குச் சொல்லாமல் சரக்கைச் சந்தைக்கு அனுப்பினார்கள். மும்பையில் நிறுவனத்துக்குத் துணை நின்ற சூட்டு வாதம் இங்கே செல்லாது. ஈரம் மிகக் குறைந்த, கொழுப்பு நிறைந்த சாக்லேட்டுக்குள் சால்மொனெல்லா கான்ச் சூட்டையும் தாங்கி மாதக்கணக்கில் பிழைக்கும். கொழுப்பு அதற்குக் கவசம். வயிற்று அமிலத்தைக்கூடத் தாண்டிவிடும் என்பதால் மிகச் சிறு எண்ணிக்கையே நோய் தரப் போதும்.

பிரிட்டனில் அரிதான ஒரு வகைச் சால்மொனெல்லா நோய் கூடுவதை அந்நாட்டுச் சுகாதாரத் துறை கவனித்து, அது எங்கிருந்து வருகிறது என்று தேடத் தொடங்கிய பிறகே, 2006 ஜூனில், ஏழு வகைச் சாக்லேட்டுகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டிகள் திரும்பப் பெறப்பட்டன. அப்போது வெளிவந்த அறிக்கை அதை முன்னெச்சரிக்கை நடவடிக்கை என்றது. ஜனவரியிலேயே தெரியும் என்ற செய்தி பின்தொடர்ந்ததும் அந்தச் சொல் பொருளிழந்தது. உணவு நுண்ணுயிரிகள் குறித்து அரசுக்கு ஆலோசனை சொல்லும் நிபுணர் குழு, சாப்பிடத் தயாரான இப்படிப்பட்ட உணவில் எந்த அளவுச் சால்மொனெல்லாவும் ஏற்கத்தக்கதல்ல என்றது. 2007 ஜூலையில் பர்மிங்காம் நீதிமன்றம் விதித்த அபராதம் 10 லட்சம் பவுண்டு. பாதுகாப்பற்ற சாக்லேட்டை விற்றதோடு, அதிகாரிகளுக்கு உடனே தெரிவிக்காததும் குற்றப்பட்டியலில் இருந்தது.